ஒரே வீட்டுச் சாட்சிகள்

காலை பத்து மணிக்கு முதல் மனுவைத் திறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் ஒரு தம்பி வருவான் என்று. "நான் ஏமாற்றவில்லை, நான் வெளியே போயிருந்தபோது என் தம்பி விளையாடிவிட்டான்." அந்த அலுவலகத்துக்கு வரும் மனுக்களை வைத்துப் பார்த்தால் உலகத்தில் எல்லாருக்கும் ஒரு தம்பி இருக்கிறான், எல்லாத் தம்பியும் அயோக்கியன். தம்பி இல்லாதவர்களுக்குப் பூனை. விசைப்பலகையில் ஏறி நடந்து, சுவருக்குப் பின்னால் நிற்கிற எதிரியைத் துல்லியமாகச் சுட்டுத் தள்ளுகிற பூனை.

அது ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டை இணையத்தில் நடத்தும் நிறுவனம். ஏமாற்றினார்கள் என்று தடை செய்யப்பட்டவர்கள் அனுப்பும் முறையீடுகளைப் படிப்பது அவள் வேலை. ஏழு வருடமாகப் படிக்கிறாள். மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேசை, இரண்டு திரைகள், முதுகு வலிக்கு ஒரு தலையணை. அலுவலகத்தில் அவளை எல்லாரும் அப்பீல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது.

ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது ஒரு மென்பொருள். காவல்காரன் என்று சொல்வார்கள். அவனுக்கு இரண்டு இடத்தில் குடித்தனம். ஒன்று, விளையாடுகிறவரின் கணினிக்குள். கணினியைப் போட்டதுமே எழுந்து உட்கார்ந்து, விளையாட்டின் நினைவகத்துக்குள் வேறு எந்த நிரலாவது மூக்கை நுழைக்கிறதா, தெரிந்த திருட்டு நிரல்களின் சாயல் எதிலாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். இன்னொன்று, நிறுவனத்தின் சர்வரில். அங்கே உட்கார்ந்து யார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறார்கள், எத்தனை குண்டு படுகிறது, மவுஸ் எப்படி நகர்கிறது என்று அளந்துகொண்டே இருப்பான்.

மவுஸின் நகர்வு கொஞ்ச காலமாக முக்கியமாகிவிட்டது. திருட்டு நிரல் விற்கிறவர்கள் வாரத்துக்கு வாரம் சட்டையை மாற்றிவிடுகிறார்கள், சாயலை வைத்துப் பிடிக்க முடிவதில்லை. ஆனால் மனிதக் கை பொய் சொல்லாது. நேராகப் போகாது. லேசாக நடுங்கும், குறியைத் தாண்டிப் போகும், திரும்பி வரும். குறி பார்த்துக் கொடுக்கும் திருட்டு நிரல்களில் பலவும் வழுவழுவென்று இழுத்துவிடும். அந்த வழுவழுப்பு ஒரு சாட்சி. நகர்வு கையிலிருந்து வந்ததா, ஏதோ ஒரு நிரல் மவுஸ் மாதிரி நடித்து அனுப்பியதா என்பது இன்னொரு சாட்சி. ஒரு சாட்சியை மட்டும் நம்பி யாரையும் தடை செய்யக் கூடாது, இரண்டு வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். அதில் எல்லாருக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

இன்னொரு சட்டமும் உண்டு. என்ன காரணத்துக்காகத் தடை என்று சொல்லவே கூடாது. பிடிபட்டவனை அன்றைக்கே தடை செய்வதும் இல்லை. இரண்டு மூன்று வாரம் சேர்த்துவைத்து ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நாளில் வெளியே தள்ளுவார்கள். எதனால் மாட்டினோம், எப்போது மாட்டினோம் என்று திருட்டு நிரல் விற்பவனுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த நாளே திருத்திவிடுவான். நியாயம்தான். ஆனால் யோக்கியனுக்கும் அதே மௌனம்தான் பதில். என்ன குற்றம் என்று தெரியாமல் ஒருவன் எப்படித் தன்னை நிரூபிப்பான்? இந்தக் கேள்வி அவளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும். பிறகு மனுக்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும் போய்விடும்.

அன்று பதினோரு மணிக்கு வந்தது ஒருவரின் மூன்றாவது மனு. மூன்றுதான் அனுமதி. மூன்றாவதுக்குப் பதில் போட்டால் கோப்பு மூடிவிடும், பிறகு யார் நினைத்தாலும் திறக்க முடியாது. முந்தைய இரண்டும் மும்மூன்று வரி. "நான் எந்தத் தவறான மென்பொருளும் பயன்படுத்தவில்லை. தயவுசெய்து பாருங்கள்." இரண்டுக்கும் அவளே பதில் போட்டிருந்தாள். "உங்கள் முறையீட்டைத் தீர ஆராய்ந்தோம். தடை சரியானதே." தீர ஆராய்ந்ததற்கு எடுத்த நேரம் பக்கத்திலேயே பதிவாகியிருந்தது. முதலாவதுக்கு நாற்பது விநாடி. இரண்டாவதுக்கு இருபத்தாறு.

மூன்றாவது நீளமாக இருந்தது.

"ஐயாவோ அம்மாவோ, இதை எழுதறது அவரோட மனைவி. அவரை எழுதச் சொன்னா மூணு வரிக்கு மேல போகாது. ஒரு எழுத்தைத் தட்டப் போனா நாலு எழுத்து விழும், அழிச்சு அழிச்சு அலுத்துப் போயிடுவார். பல் செட் செய்யற லேப்ல இருபத்தோரு வருஷம் வேலை பார்த்த மனுஷன். கை நடுக்கம் வந்துச்சு, வேலையை விட்டார். ஒரு டம்ளர் தண்ணியைச் சிந்தாம வாய்க்குக் கொண்டு போக முடியாது. எங்க பொண்ணு வெளியூர்ல படிக்கிறா. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவும் பொண்ணும் உங்க கேம்ல சேர்ந்து ஆடுவாங்க. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் அன்னிக்குப் பூரா உட்கார்ந்திருப்பார்.

இப்ப அவளுக்கும் உங்ககிட்டேருந்து அறிவிப்பு போயிருக்கு. 'உங்களுடன் ஆடியவர் ஏமாற்றியவர், ஆகவே உங்கள் புள்ளிகள் குறைக்கப்பட்டன'ன்னு. அவளோட சிநேகிதிங்க எல்லாம் கேலி பண்றாங்களாம். போன் பண்ணி, 'அவ்வளவு பெரிய கம்பெனி எதுக்குப்பா பொய் சொல்லணும்'னு கேட்டா. பதினோரு நாளா அவ அப்பாகிட்ட பேசலை. இவர் சாயங்காலம் ஆறு மணி ஆனா அந்த அறைக்கே போறதில்லை.

ஒண்ணு மட்டும் சொல்றேன். இவர் தோக்கறதை நான் தினமும் பார்க்கறேன். ஏமாத்தற ஆள் இப்படியா தோப்பார்?"

அப்பீல் அக்கா கடைசி வரியில் சிரித்துவிட்டாள். அதற்கு மேலே இருந்த வரிகளை மறுபடி படித்ததும் சிரிப்பு நின்றது. அவள் கை பழக்கத்தில் 'தீர ஆராய்ந்தோம்' பொத்தானுக்கு மேல் போய் நின்றிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாட்சிகளைத் திறந்தாள். இரண்டும் அவருக்கு எதிராகத் தெளிவாகவே இருந்தன. நகர்வு வழுவழுப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நகர்வு கையிலிருந்து வரவில்லை, நிரலிலிருந்து வந்தது. கை நடுங்குகிறவர், ஆனால் திரையில் அவர் கோடு ஊரிலேயே மிக நேரான கோடு.

எதிர் மேசையில் இருந்தவனைக் கூப்பிட்டாள். இந்த விதிகளை எழுதுகிறவன் அவன். பொறி வைக்கிறவன் என்பதால் அவனுக்குப் பொறி என்றே பெயர். கெட்டிக்காரன், கொஞ்சம் தலைக்கனம், பசி வந்தால் மட்டும் எழுந்திருப்பான்.

"பொறி, இதைக் கொஞ்சம் பாரேன்."

அவன் கடிதத்தையும் சாட்சிகளையும் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கினான். "அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? கை நடுங்கறவர் கோடு இவ்வளவு நேரா வருதுன்னா, அது அவர் கையே இல்லைன்னு அர்த்தம். இந்தம்மா தானா வந்து மூணாவது சாட்சி சொல்லியிருக்காங்க."

அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்புறம் ஏன்டா தோக்கறார்?"

"என்னது?"

"போன மாசம் தொண்ணூறு ஆட்டம். எழுபத்தெட்டுல தோல்வி. எதிரி கண்ணுல பட்டு இவர் சுடறதுக்குள்ள அவன் சாவகாசமா ரெண்டு தடவை சுட்டுட்டுப் போறான். காசு குடுத்துத் திருட்டு நிரல் வாங்கி இந்த லட்சணத்துலயா ஆடுவாங்க?"

"மோசமான நிரலா இருக்கும். இல்லைன்னா மாட்டிக்கக் கூடாதுன்னு வேணும்னே தோப்பாங்க. அப்படியும் ஆளுங்க இருக்காங்க, உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். அவள் திரும்பித் தன் திரைக்கே வந்தாள். அப்போதுதான் சாட்சியாக வெட்டி வைத்திருந்த மவுஸ் நகர்வுத் துண்டின் எண் கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குறி இருந்தது, 'பயிற்சியில் பயன்பட்டது' என்று.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மவுஸ் நகர்வைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு கணிப்பு நிரலைப் பழக்கினார்கள். அதற்கு முன்மாதிரி காட்ட அறுநூறு நகர்வுத் துண்டுகளை யாராவது உட்கார்ந்து, இது கை, இது திருட்டு என்று பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். மூன்று மதியம் அதற்குப் போனது. இந்த மனுஷனின் துண்டும் அதில் இருந்திருக்கிறது. 'திருட்டு' என்று முத்திரை குத்தி, பக்கத்தில் தன் எழுத்தில் ஒரு குறிப்பு வேறு: "சந்தேகமே இல்லை."

அந்தச் சந்தேகமே இல்லாத பெண்மணி மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

துண்டைத் திரும்ப ஓட்டினாள். நான்கு விநாடி. எதிரி தெரிகிறான், கோடு வழுக்கிக்கொண்டு போகிறது, சுடுகிறார், படவில்லை. அறுநூறும் இப்படித்தான், சண்டை நடக்கும் நான்கு நான்கு விநாடி. சண்டையைத் தவிர வேறு எதையும் வெட்டி எடுக்கவில்லை, ஏமாற்று வேலை அங்கேதானே நடக்கும் என்று. அவளுக்குச் சட்டென்று ஒரு கேள்வி வந்தது. சண்டை இல்லாதபோது இந்த மவுஸ் எப்படி நகர்கிறது?

முழு ஆட்டத்தின் பதிவை வரவழைத்தாள். அதற்கு ஒரு படிவம், ஒரு அனுமதி, அரை மணி நேரம். வந்தது. ஆட்டம் தொடங்கும் முன் அவர் ஆயுதம் வாங்கும் பட்டியலைப் பார்த்தாள். மவுஸ் வழுவழுவென்று போய் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. வழுவழுப்பு, தொண்ணூற்றேழு. சுடப்பட்டுச் செத்துப்போய்ச் சும்மா வேடிக்கை பார்க்கும் நேரத்தைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. சத்தத்தைக் குறைக்க ஒலி அமைப்புக்குப் போன நேரத்தில் தொண்ணூற்றேழு. எல்லா இடத்திலும் நிரல் அனுப்பிய நகர்வுதான்.

"பொறி! இங்க வா. இப்பவே வா."

அவன் கையில் இருந்த பிஸ்கட்டோடு வந்தான்.

"செத்துப்போன ஆள் எதுக்குடா குறி பார்ப்பான்? சத்தத்தைக் குறைக்க எதுக்கு ஒருத்தன் திருட்டு நிரல் போடுவான்?"

பொறி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அடுத்தவர் மேசையில் அவன் உட்கார்ந்தான் என்றால் விஷயம் பெரிது.

"இது குறி பார்க்கிற நிரல் இல்லை," என்றான் மெதுவாக. "எப்பவும் ஓடிக்கிட்டிருக்கிற வேற ஏதோ. ஆனா என்ன?"

"அவரைக் கேட்டுடலாம்."

"அக்கா, காரணம் சொல்லக் கூடாது."

"காரணம் யார் சொல்லப் போறா? கேள்விதானே கேட்கறேன்."

மூன்றாவது மனுவுக்குப் பதில் போடாமல், 'கூடுதல் விவரம் தேவை' என்ற, யாருமே தொடாத ஒரு பொத்தானைத் தேடிப் பிடித்தாள். "கணினியைப் பயன்படுத்த உங்களுக்கு உதவியாக எதையாவது நிறுவியிருக்கிறீர்களா? விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்று நீங்கள் நினைத்தாலும் எழுதுங்கள்" என்று அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது.

"மவுஸ் நடுக்கத்தைக் குறைக்கறதுக்கு ஒண்ணு இருக்கு. பிசியோதெரபிக்குப் போன இடத்துல போட்டுக் குடுத்தாங்க. அது இல்லைன்னா அவரால ஒரு படத்தைக்கூட கிளிக் பண்ண முடியாது. நாங்க திருட்டு மென்பொருள் திருட்டு மென்பொருள்னே யோசிச்சதால இது ஞாபகமே வரலை. மூக்குக் கண்ணாடியை யாராவது மென்பொருள்னு சொல்வாங்களா?"

பொறி தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நடுக்கம் குறைக்கும் நிரல் என்ன செய்யும்? கையிலிருந்து வரும் நகர்வை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அதில் நடுக்கத்தை வடிகட்டிவிட்டு, மிச்சத்தைத் தானே மவுஸ் மாதிரி அனுப்பும். வடிகட்டியதால் வழுவழுப்பு. தானே அனுப்பியதால் கையிலிருந்து வராத நகர்வு. தாமதமும் சேரும், அதனால்தான் அவருக்கு முன்னால் எதிரி சுட்டுவிடுகிறான்.

"ரெண்டு சாட்சின்னு நினைச்சோம்," என்றாள் அவள். "ரெண்டும் ஒரே வீட்டு ஆளுங்க. ஒருத்தர் சொன்னதையே இன்னொருத்தரும் சொல்லியிருக்காங்க. நாமளும் ஆகா, ரெண்டு பேர் சொல்லிட்டாங்களேன்னு தூக்குல போட்டுட்டோம்."

விஷயம் பிரிவின் தலைவியிடம் போனது. மேடம் எதையும் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை, அது அவர் வேலைக்கு நல்லதுதான்.

"அந்த நிரலை அனுமதிச்சோம்னு வை," என்றார் அவர், "நாளைக்குக் காலைல எல்லாத் திருடனும் அதே பேரை வெச்சுக்கிட்டு வந்து நிப்பான். அப்ப என்ன செய்யறது?"

"அதைச் சும்மா விடச் சொல்லலை, மேடம். முதல்ல நீங்களே ஒரு தடவை ஆடிப் பாருங்க."

சோதனை அறையில் ஒரு கணினியில் அந்த நிரலை நிறுவினார்கள். மேடம் உட்கார்ந்தார். அப்பீல் அக்கா அவர் முழங்கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள், இந்த வாய்ப்பு வாழ்க்கையில் இன்னொரு முறை வராது என்பதால் கொஞ்சம் தாராளமாகவே ஆட்டினாள். கை அந்தப் பாடுபட்டது, திரையில் குறி அமைதியாக நகர்ந்தது. இருபது நிமிடத்தில் ஆறு முறை செத்தார். காவல்காரன் தீர்ப்பு எழுதினான்: இரண்டு சாட்சி, தடைக்குப் பரிந்துரை.

"நான் ஏமாத்தினேனா?" என்றார் மேடம்.

"தம்பி ஆடிட்டான்னு எழுதுங்க, மேடம். நான் பார்த்துக்கறேன்," என்றாள் அப்பீல் அக்கா.

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், பிறகு விதியை மாற்றச் சொன்னார். பொறி இரண்டு நாள் அதிலேயே கிடந்தான். புது விதி ஒருவரை ஊராரோடு ஒப்பிடாமல் அவரோடேயே ஒப்பிட்டது. பட்டியலில் சாதாரணமாக நகர்ந்துவிட்டு எதிரியைக் கண்டதும் மட்டும் வழுக்கினால் சந்தேகம். எப்போதும் ஒரே மாதிரி வழுக்கினால் அது தனியாகக் குற்றம் ஆகாது, வேறு சாட்சி வேண்டும். உதவி நிரலைப் பெயரை வைத்து நம்பக் கூடாது, அதைச் செய்தவர்களின் மின்கையெழுத்து சரியா என்று பார்க்க வேண்டும். இனிமேல் இரண்டு சாட்சியும் ஒரே காரணத்திலிருந்து வருமா என்று சோதிக்காமல் எந்த விதியும் வெளியே போகக் கூடாது என்று மேடம் ஒரு வரி சேர்த்தார்.

அந்த விதியை வைத்துப் பழைய தடைகளைச் சலித்தபோது மறுபடி பார்க்க வேண்டியவர்களாக முப்பத்தொரு பேர் வந்தார்கள். அப்பீல் அக்கா ஒவ்வொருவரின் முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். ஏழு பேர் அசல் திருடர்கள். இருபத்து நான்கு பேர் ஒன்றும் செய்யாதவர்கள். அவர்களில் ஒருவர் வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு மவுஸை நகர்த்துகிறவர் என்பது அவர் மனுவின் இரண்டாவது வரியிலேயே இருந்தது. அதற்கும் 'தீர ஆராய்ந்தோம்' என்று பதில் போயிருந்தது. அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தடையை நீக்குவது ஒரு பொத்தான். மன்னிப்புக் கேட்பதற்குத்தான் பொத்தான் இல்லை. ஏழு வருடமாக யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவளே உட்கார்ந்து எழுதினாள். ஆனால் மனைவியின் கடிதம் கேட்டது வேறு. தடை போனால் போதுமா? அந்தப் பெண் அப்பாவை நம்ப வேண்டுமே. மகளுக்கு எழுத முடியாது. ஒருவருடைய கோப்பைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது, அவர் பெற்ற பெண்ணாக இருந்தாலும்.

ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவளுக்கு அந்தப் பழைய அறிவிப்பு ஞாபகம் வந்தது. 'உங்களுடன் ஆடியவர் ஏமாற்றியவர், ஆகவே உங்கள் புள்ளிகள் குறைக்கப்பட்டன.' தடை தப்பென்றால் அந்தக் குறைப்பும் தப்பு. குறைத்த புள்ளியைத் திருப்பித்தர வேண்டும். திருப்பித்தந்தால் அறிவிப்பு போயே ஆக வேண்டும், நிறுவனத்தின் சட்டப்படியே. யாருக்கெல்லாம் பொய் போனதோ அவர்களுக்கெல்லாம் உண்மையும் போகும்.

மேடம் அந்த வாசகத்தை இரண்டு முறை படித்தார். "நாம தப்பு பண்ணோம்னு இவ்வளவு வெளிப்படையா எழுதணுமா?"

"அவர் திருடர்னு வெளிப்படையாத்தானே எழுதினோம், மேடம்."

மேடம் ஒப்புதல் கொடுத்தார். அறிவிப்பு வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போனது. "உங்களுடன் ஆடியவர் ஏமாற்றியவர் என்று முன்பு அறிவித்திருந்தோம். அது உண்மை அல்ல. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு எங்களுடையது. உங்கள் புள்ளிகளைத் திருப்பித் தருகிறோம்."

வியாழன் போனது. வெள்ளியும் போனது. அந்த வீட்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. கோப்பில் 'தடை நீக்கப்பட்டது' என்று பச்சையாக இருந்தது, கணக்கு மட்டும் திறக்கப்படாமலே கிடந்தது. ஒருவேளை ரொம்பத் தாமதமாகிவிட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமை வேலை இல்லை. அவள் துணி மடித்தாள், சமைத்தாள், மனம் அங்கேயே கிடந்தது.

திங்கட்கிழமை வந்ததும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்தக் கணக்கைத் திறந்தாள். ஞாயிறு மாலை ஆறு மணி இரண்டு நிமிடம்: ஒரு ஆட்டம், இருவர் அணி, அப்பாவும் பெண்ணும். தோல்வி. ஆறு இருபதுக்கு இன்னொன்று, தோல்வி. ஆறு நாற்பதுக்கு இன்னொன்று. ஏழு மணியோடு முடிகிற ஆட்டம் அன்று ஒன்பதரை வரை போயிருந்தது. பதினோரு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி.

பொறி பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். "எப்படி ஆடினார்?"

"படு மோசம்டா," என்றாள் அப்பீல் அக்கா. கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு பயிற்சிக் கோப்பைத் திறந்து அந்த நான்கு விநாடித் துண்டைத் தேடி எடுத்தாள். 'திருட்டு' என்பதை அழித்துவிட்டு 'கை' என்று குத்தினாள். 'சந்தேகமே இல்லை' என்ற குறிப்பை மட்டும் அப்படியே விட்டாள். இப்போதுதான் அது சரியாக இருந்தது.